பல நாடுகளில் வாழ்ந்தவருக்குப் போலீஸ் சான்று: முதலில் நாள் கணக்கு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நமது குடியிருப்பில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாத வீடு குறைவு. முன்பெல்லாம் ஒருவர் சிங்கப்பூர் போனால் சிங்கப்பூர், துபாய் போனால் துபாய் என்று இருந்தார். இப்போது நான்கு வருடம் ஒரு நாடு, மூன்று வருடம் இன்னொரு நாடு என்று மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, கடைசியில் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடியேற விண்ணப்பிக்கிறார்கள். அப்போதுதான், வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ‘இவர் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை’ என்ற போலீஸ் சான்றைக் கேட்கிறார்கள். போன வருடம் என் மருமகனுக்கு இந்தக் காகிதங்களைச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் தெரிந்துகொண்டதைச் சொல்லும்படி செயலாளர் கேட்டார்.

எந்தச் சான்று எந்த நாட்டுக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘மதுரை பாஸ்போர்ட் ஆபீசில் பிசிசி வாங்கிவிட்டேன், இனி என்ன?’ என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சான்று இந்தியாவுக்கு மட்டும்தான். துபாயில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது மதுரைக்குத் தெரியாது. அதே போல, துபாயில் இருக்கும்போது அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் வாங்கும் பிசிசியும் இந்தியாவைப் பற்றியதுதான். அங்கே வாங்கியதால் அது அமீரகத்துச் சான்று ஆகிவிடாது. அமீரகத்துச் சான்றை அமீரகத்துக் காவல் துறைதான் தர வேண்டும்.

இன்னொன்று. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் வேலைக்காகவும் வாடகைக்காரருக்காகவும் வாங்கும் சரிபார்ப்புச் சான்று வேறு. குடியேற்றத்துக்குக் கேட்பது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசிதான்.

நாள் கணக்கு

எந்தெந்த நாட்டுச் சான்று வேண்டும் என்பதை நாம் வாழ்ந்த நாடு முடிவு செய்வதில்லை. போகப்போகும் நாடுதான் முடிவு செய்கிறது. மூன்று நாடுகளின் விதிகளைச் சொல்கிறேன். வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

கனடா: கடந்த 10 ஆண்டுகளில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ச்சியாக 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாடும்.

ஆஸ்திரேலியா: கடந்த 10 ஆண்டுகளில், 16 வயதுக்குப் பிறகு, மொத்தமாகக் கூட்டி 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாடும்.

அமெரிக்கக் குடியேற்ற விசா: 16 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாடும். சொந்த நாட்டுக்கும் இப்போது வசிக்கும் நாட்டுக்கும் 6 மாதத்துக்கு மேல் இருந்தாலே போதும். இதில் பத்தாண்டு வரம்பு இல்லை.

ஒருவர் கம்பெனி வேலையாக மூன்று முறை, முறைக்கு ஐந்து மாதம் சிங்கப்பூர் போய் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். கனடாவுக்கு விண்ணப்பித்தால் சிங்கப்பூர் சான்று வேண்டாம், ஏனென்றால் தொடர்ச்சியாக ஆறு மாதம் இல்லை. அவரே ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தால் சான்று வேண்டும், ஏனென்றால் கூட்டினால் பதினைந்து மாதம்.

அமெரிக்க விதி நம் வயதுக்காரர்களுக்கு முக்கியம். மகன் அமெரிக்கக் குடிமகனாகி அப்பா அம்மாவை அழைக்கிறான். அப்பா 1988 முதல் 1996 வரை வளைகுடாவில் இருந்தவர். முப்பது வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட முடியாது. அந்த நாட்டிலிருந்து வெளியாருக்குச் சான்று கிடைக்குமா, கிடைத்தால் யார் தருவார்கள் என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் நாடுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். கிடைக்காது என்று அவர்களே எழுதியிருந்தால் நம்மிடம் கேட்க மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அலைய வேண்டும்.

ஆகவே முதல் வேலை ஒரு பேரேடு போடுவது. பாங்கில் வரவு செலவைத் தேதி வாரியாக எழுதுவது போல, நாடு, நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, எந்தப் பாஸ்போர்ட்டில் எந்தப் பக்கத்தில் முத்திரை என்று எழுத வேண்டும். ஒரு வரியின் முடிவுத் தேதியும் அடுத்த வரியின் தொடக்கத் தேதியும் ஒட்ட வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் அந்த நாட்களில் எங்கே இருந்தார் என்று கேள்வி வரும்.

என் மருமகனுக்கு நாங்கள் போட்ட பேரேடு இது:

ஜூலை 2013 – மார்ச் 2016: சிங்கப்பூர்
மார்ச் 2016 – மே 2016: திண்டுக்கல்
மே 2016 – ஆகஸ்ட் 2019: துபாய் (நடுவில் 2018இல் நான்கு மாதம் ஓமன்)
ஆகஸ்ட் 2019 – ஜனவரி 2020: திண்டுக்கல்
ஜனவரி 2020 – நவம்பர் 2022: மலேசியா
டிசம்பர் 2022 முதல்: திண்டுக்கல்

கனடாவிலிருந்து விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தது ஏப்ரல் 2024. பத்தாண்டு பின்னால் போனால் ஏப்ரல் 2014. அன்று அவர் சிங்கப்பூரில் இருந்தார், அதன் பிறகும் அங்கே இரண்டு வருடம் இருந்தார். எனவே சிங்கப்பூர் உள்ளே வருகிறது. ஓமன் நான்கு மாதம்தான், வேண்டாம். ஆக இந்தியா, சிங்கப்பூர், அமீரகம், மலேசியா என நான்கு சான்றுகள்.

இந்தக் கணக்கை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். என் மகள் துபாயில் அவரோடு ஒன்றரை வருடம் இருந்தாள். மலேசியாவுக்குப் பிரசவம், கொரோனா என்று தள்ளிப்போய், 2022 ஏப்ரலில் போய் ஆகஸ்டில் திரும்பிவிட்டாள். அவளுக்கு மலேசியா வேண்டாம், சிங்கப்பூரும் வேண்டாம். இந்தியா, அமீரகம் இரண்டும் போதும். கணவருக்கு வாங்கும் எல்லாவற்றையும் மனைவிக்கும் வாங்க வேண்டும் என்று நினைத்தால் பணமும் நாளும் வீண்.

காலாவதித் தேதி

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முழு விண்ணப்பமும் போக வேண்டும். எங்களுக்கு ஏப்ரல் 11இல் அழைப்பு, ஜூன் 10 கடைசி நாள். அப்படியென்றால் முன்கூட்டியே எல்லாவற்றையும் வாங்கி வைக்கலாமே என்று தோன்றும். பாதிதான் முடியும்.

இப்போது வசிக்கும் நாட்டின் சான்று, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். முன்பு வாழ்ந்த நாடுகளுக்கு இந்த ஆறு மாதக் கணக்கு இல்லை. அந்த நாட்டில் கடைசியாக வாழ்ந்து முடித்த பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். ஆகவே மலேசியச் சான்றை 2023இலேயே வாங்கி வைத்திருக்கலாம், செல்லும். இந்தியச் சான்றை அப்படி வாங்கி வைத்தால் பழையதாகிவிடும். ஆஸ்திரேலியாவோ பொதுவாக எல்லாச் சான்றையும் வாங்கிய நாளிலிருந்து 12 மாதத்துக்கே எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. துபாயை விட்டுக் கிளம்பும்போதே சான்று வாங்கிக்கொண்டு வா என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஏனென்றால் அங்கே இருக்கும்போது வாங்குவது மிகச் சுலபம். ஆனால் வேலையை விடுவதற்கு மூன்று மாதம் முன்பே வாங்கினால், கடைசி மூன்று மாதத்துக்கு அந்தச் சான்று பேசாது. கனடா அதைத் திருப்பலாம். கிளம்பும் வாரத்தில் வாங்குவது மேல். அதோடு அந்நாட்டு அடையாள அட்டையின் நகலையும், அரசுச் செயலியில் நுழையும் கணக்கையும் கைவிடாமல் வைத்திருப்பது இன்னும் மேல்.

நான்கு நாடுகள், நான்கு வழிகள்

சுலபமானது இந்தியாதான். passportindia.gov.in தளத்தில் பிசிசிக்கு விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். எந்த நாட்டுக்காக என்று கேட்பார்கள். கனடாவுக்கு என்று வாங்கியதை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுக்க முடியாது. சுற்றுலா விசாவுக்கு இது கிடையாது. பாஸ்போர்ட்டுக்குச் சமீபத்தில்தான் போலீஸ் விசாரணை நடந்திருந்தால் உடனே கிடைத்தாலும் கிடைக்கும். இல்லாவிட்டால் விசாரணைக்கு நம் காவல் நிலையத்துக்கு வரும். அப்போது காவலர் இங்கே வந்து கேட்பார். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று சொல்லத்தான் தெரியும், ஏனென்றால் அவருக்குத் தெரிந்தது பிளாட் எண், வீட்டுக்காரர் பெயர் அல்ல. விண்ணப்பித்த அன்றே செக்யூரிட்டியிடம் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆதாரில் பழைய கதவு எண்ணும் விண்ணப்பத்தில் புது எண்ணும் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

மலேசியாவில் இதை ‘நன்னடத்தைச் சான்று’ என்கிறார்கள். காவல் துறை நேரடியாகத் தருவதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகப் பிரிவு, அதாவது விஸ்மா புத்ரா, தருகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அவர்கள் பார்ப்பது பாஸ்போர்ட் பக்கங்களை: வேலை பாஸ் ஒட்டிய பக்கம், நுழைந்த முத்திரை, வெளியேறிய முத்திரை. மருமகனுடைய மலேசியப் பக்கங்கள் எல்லாம் பழைய பாஸ்போர்ட்டில் இருந்தன. நம் ஊரில் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பழையதன் ஓரத்தை வெட்டி, ரத்து முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது இனி எதற்கு என்று பரணில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டிய பொருள் அது. நாங்கள் முதல் வேலையாக மூன்று பழைய பாஸ்போர்ட்டுகளையும் அட்டை முதல் அட்டை வரை வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிட்டோம். பேரேடு போட்டதும் அதை வைத்துத்தான்.

சிங்கப்பூரில் அந்நாட்டுக் காவல் படையே தருகிறது. இரண்டு விஷயம் வேண்டும். வெளிநாட்டு அரசு இந்தச் சான்றைக் கேட்கிறது என்பதற்கு ஒரு கடிதம். எங்களுக்குக் கனடாவின் அழைப்புக் கடிதமே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே அழைப்பு வருவதற்கு முன் இதைத் தொடங்க முடியவில்லை. இரண்டாவது, பத்து விரல் கைரேகை. வெளிநாட்டில் இருப்பவர் அந்தந்த ஊர்க் காவல் துறையில் கைரேகை பதிந்து முத்திரையோடு அனுப்ப வேண்டும்.

அமீரகத்தில் உள்துறை அமைச்சகத்தின் செயலி வழியாகவும் துபாய் போலீஸ் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அங்கே வசிப்பவருக்குக் கைப்பேசியில் முடிகிற வேலை. வெளியேறியவரிடம் கைரேகை அட்டை கேட்கிறார்கள். அந்த அட்டைக்கு அவர்களுடைய தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும். தூதரகம் கையெழுத்திட வேண்டுமானால் அதற்கு முன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் வேண்டும். ஒரு காகிதம் மூன்று மேசை ஏறி இறங்குகிறது. நான்கில் மிக மெதுவானது இதுதான்.

கைரேகை

கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் முறைக்கு உலகின் முதல் அலுவலகம் 1897இல் நம் கல்கத்தாவில்தான் தொடங்கியது. அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகள் ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கினார்கள். மேலதிகாரி எட்வர்ட் ஹென்றி பெயரில் அது உலகம் முழுவதும் போனது. அந்தக் கணக்குக்குத் தேவையான விதத்தில் ரேகை பதிந்திருக்கிறதா என்பதுதான் இன்றும் கேள்வி.

ரேகை சரியில்லை என்றால் அட்டை திரும்பி வந்துவிடும். அதற்குள் ஒரு மாதம் போயிருக்கும். வயதானவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். ரேஷன் கடை மிஷினில் விரல் பதியாமல் நான்கு முறை வைத்துப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்த கையிலும், தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் கிடந்த கையிலும் வரிகள் தேய்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு வாரம் முன்பிருந்து இரவில் தேங்காய் எண்ணெய் தடவி விரல் நுனியை மிருதுவாக வைக்க வேண்டும். பதிக்கும் நாளில் எண்ணெய் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கறுப்பு மையை மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டாக உருட்ட வேண்டும். அழுத்தக் கூடாது, திரும்ப உருட்டக் கூடாது. கையைத் தளர்த்தி அதிகாரியிடம் விட்டுவிட வேண்டும். நாமே உதவி செய்வதாக நினைத்து அழுத்தினால் மை கசிந்து, வரிகளுக்கு நடுவே உள்ள வெள்ளை மூடிவிடும்.

நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று அங்கேயே ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரிகளைத் தனித்தனியாக எண்ண முடிய வேண்டும். நடுச் சுழியும், ஓரத்தில் வரிகள் மூன்று பக்கமாகப் பிரியும் முக்கோணமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த அட்டையில் மறுபடி பதியுங்கள். ஒரே உட்காரலில் நாட்டுக்கு இரண்டு அட்டை வீதம் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றிலும் அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை இருக்க வேண்டும். முத்திரை ரேகையின் மேல் விழக் கூடாது.

எங்கே பதிவது? சாதாரணக் காவல் நிலையத்தில் இந்த வேலை அரிது. ஒரு நிலையத்தில் ‘கேஸ் போட்டால்தான் ரேகை எடுப்போம்’ என்று சொன்னார்கள். அவர்கள் சொல்வதும் ஒரு விதத்தில் நியாயம், அவர்களுக்குப் பழக்கமில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு எழுதி, அழைப்புக் கடிதம், சிங்கப்பூர் காவல் படையின் படிவம், பாஸ்போர்ட் நகல் இவற்றை இணைத்துக் கொடுத்தோம். பிறகு கைரேகைப் பிரிவில் பதிந்து கொடுத்தார்கள். சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் ஒரே நாளில் முடிந்தது.

ஒரு சான்று வராமல் போனால்

நாங்கள் எடுத்த வரிசை இது. மெதுவான அமீரகம் முதலில், அடுத்து சிங்கப்பூர், அடுத்து மலேசியா, சுலபமான இந்தியா கடைசியில். அப்படியும் ஜூன் முதல் வாரத்தில் கையில் இருந்தவை மூன்று. அமீரகத்துச் சான்று வரவில்லை.

இந்த இடத்தில் பலர் பயந்து அழைப்பையே கைவிடுகிறார்கள், அல்லது ‘நான்கு நாளில் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லும் ஏஜென்டிடம் பணத்தைக் கொடுக்கிறார்கள். போலிச் சான்று கண்டுபிடிக்கப்பட்டால் பொய்த் தகவல் என்று கனடா ஐந்தாண்டு கதவை மூடிவிடும். அதைவிடச் சான்று இல்லாமல் இருப்பதே மேல். கனடாவின் விதியிலேயே இதற்கு வழி இருக்கிறது. சான்று வர வேண்டிய இடத்தில், நாம் முறையாக விண்ணப்பித்ததற்கான ஆதாரத்தையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் ஏற்றலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. ஆகவே ஆதாரம் பலமாக இருக்க வேண்டும்.

நாங்கள் கடிதத்தை ஒரே பக்கத்தில் எழுதினோம். எந்தத் தேதியில் ரேகை பதிந்தது, எந்தத் தேதியில் எந்தச் சான்றொப்பத்துக்குப் போனது, எப்போது விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கூரியர் எண் என்ன என்று தேதி வாரியாக மட்டும் எழுதினோம். கண்ணீரும் கெஞ்சலும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ரசீது பின்னால் இருந்தது. முதல் ரசீதின் தேதி ஏப்ரல் 16. அழைப்பு வந்த ஐந்தாம் நாளே வேலையைத் தொடங்கியிருக்கிறோம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதே ரசீதில் ஜூன் 5 என்று இருந்திருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. விண்ணப்பம் ஜூன் 8இல் போனது. சான்று ஜூலையில் வந்தது, வந்த அன்றே அனுப்பிவிட்டோம். விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை.

இன்று யாருக்கும் அழைப்பு வரவில்லை என்றாலும், வீட்டுக்குப் போனதும் ஒன்றைச் செய்யுங்கள். பழைய பாஸ்போர்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் நுழைந்த தேதி, வெளியேறிய தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். விதிகளும் கட்டணமும் மாறக்கூடியவை, ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பேரேட்டுக்கு வரி போட்டுத் தர உதவி வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சங்க அறையில் இருப்பேன்.